பாராஃப்ரேஸ்: பதவுரையா, பொழிப்புரையா?

"பாராஃப்ரேஸ் பண்ணிட்டேன்க்கா. ஆனா கைடு திருப்பி அனுப்பிட்டார்" என்றாள் பெங்களூரில் எங்களோடு ஆய்வு செய்யும் திருநெல்வேலிப் பெண். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது பற்றிய ஆய்வேடு, ஆங்கிலத்தில் எழுதுகிறாள்.

பாராஃப்ரேஸ் கிரேக்கச் சொல். 'பாரா' என்றால் பக்கத்தில்; 'ஃப்ராஸைன்' என்றால் எடுத்துச் சொல்லுதல். லத்தீன், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. மூலத்துக்குப் பக்கத்திலேயே நின்று, அதன் பொருளை வேறு வாக்கியத்தில் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் எடுத்த மூல வாக்கியம் சொன்னது இது: கம்பியின் மேற்பரப்பில் குளோரைடு ஒரு வரம்பைத் தாண்டும்போது பாசிவ் ஃபிலிம் சிதைகிறது. 'எக்ஸீட்ஸ்' இருந்த இடத்தில் 'சர்பாஸஸ்' போட்டிருந்தாள். 'பாசிவ் ஃபிலிம்' அவள் கையில் 'இனாக்டிவ் லேயர்' ஆகியிருந்தது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே. இது பதவுரை: சொல்லுக்குச் சொல். பாராஃப்ரேஸுக்கு நம்மிடம் பொருந்தும் பெயர் பொழிப்புரை, முழுப் பொருளையும் திரட்டிச் சொல்வது. ஒரே ஒரு வேறுபாடு: நம் பொழிப்புரை செய்யுளின் கீழேயே நிற்கும், ஆய்வேட்டில் மூலம் கண்ணில் படாது. அந்த இடத்தை நிரப்பத்தான் மேற்கோள் குறிப்பு. சொல்லை மாற்றிவிட்டோமே என்று அதை விட்டுவிட முடியாது. ('மறுமொழிதல்' என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். அது பதில் சொல்வதாகிவிடும்.)

பாசிவ் ஃபிலிம் என்பது துருவைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் பெயர். சும்மா கிடக்கும் அடுக்கு அல்ல. கலைச்சொல்லில் கை வைக்கக் கூடாது. முன்னோரின் பொருளை மட்டுமன்றி 'அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்' என்று நன்னூல் சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூலத்தை மூடிவைத்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். "குளோரைடு அந்த அளவைத் தாண்டினாத்தான் படலம் உடையும்க்கா." சரளமாக வந்தது, ஆனால் ஒரு 'தான்' ஒட்டிக்கொண்டது. அதை ஆங்கிலத்தில் எழுதியபோது 'ஒன்லி' ஆகிவிட்டது. மூலத்தில் அது இல்லை, உண்மையும் இல்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து, அதில் 12க்கு மேல் இருக்கும் பிஹெச் அளவை 9க்குக் கீழே இறக்கினாலும் படலம் சிதையும். தமிழ் வழியே போகிறவர்கள் திரும்பி வந்ததும் 'தான்', 'எல்லாம்', 'எப்பவும்' எதுவும் கூடவே வந்திருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிட வேண்டும். மூலத்தில் 'மே' என்று தயங்கியது இங்கே உறுதியாக மாறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10% வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அவளுடையது 10%க்குள்தான் இருந்தது. அதைக் கணக்கிடும் மென்பொருள் எழுத்துத் தொடரைத்தான் எண்ணும், 'இனாக்டிவ் லேயர்' அதற்குப் புது எழுத்து. கைடுக்கு அப்படியில்லை.

கடைசியில் அவள் படலத்தை முன்னே வைத்து, அதைக் கலைக்கும் காரணங்களில் குளோரைடு ஒன்று என்று எழுதினாள். பாசிவ் ஃபிலிம் பாசிவ் ஃபிலிமாகவே இருந்தது.