ஸ்பிரிங் ஆர்ம்: சுருள்வில் இல்லாத கை

முப்பரிமாண விளையாட்டில் கதாபாத்திரத்தின் பின்னாலேயே தொடர்ந்து வரும் கேமராவைச் செய்ய உட்கார்ந்தால் முதலில் எதிர்ப்படுவது ஸ்பிரிங் ஆர்ம்: கதாபாத்திரத்திலிருந்து பின்னால் நீண்டு, நுனியில் கேமராவைத் தாங்கி, தடை வந்தால் குறுகிக்கொள்ளும் கை. அன்ரியல் விளையாட்டு என்ஜினில் `SpringArmComponent`, கோடோ என்ஜினில் `SpringArm3D`. இதைச் 'சுருள்வில் கை' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, உள்ளே சுருள்வில்லே கிடையாது.

அன்ரியலின் மூன்றாம் நபர் மாதிரித் திட்டத்தில் இதற்கு வைத்த பெயர் `CameraBoom`. 'பூம்' டச்சுச் சொல், மரம் என்று பொருள். கப்பலில் பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் கட்டைக்குப் பெயராகி, அப்புறம் படப்பிடிப்பில் மைக்கைத் தாங்கும் கழிக்கும் வந்து சேர்ந்தது. 'ஸ்பிரிங்' என்பது சுவர் விலகியதும் கை பழைய நீளத்துக்கே திரும்பிவிடுவதைக் குறிக்கிறது, அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். கையின் நீளம் 400 செ.மீ., பின்னால் 150 செ.மீ. தள்ளிச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். தோளிலிருந்து ஒரு சிறு உருண்டையைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்து, அது சுவரில் முட்டும் இடத்தில் கேமராவை நிறுத்துகிறார்கள். வெறும் கோடு ஏன் போதாது? கேமரா ஒரு புள்ளி அல்ல. அதற்குச் சற்று முன்னால் ஒரு வெட்டுத்தளம் இருக்கிறது, அதைவிட அருகில் உள்ள எதுவும் வரையப்படாது. கோடு சுவரைத் தொட்டு நின்றாலும் அந்தத் தளத்தின் மூலை சுவருக்குள் போய்விடும், திரையில் சுவர் கிழிந்து அடுத்த அறை தெரியும். கிளிப்பிங் என்பது இந்த வெட்டுதான். அன்ரியலில் தளம் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது, 90 பாகைப் பார்வையில் அதன் மூலை கேமராவிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ.; உருண்டையின் ஆரமோ இயல்பாக 12தான். அதனால் `ProbeSize`-ஐ 16 ஆக்கிவிடுவது என் வழக்கம்.

வழவழப்பைச் சேர்க்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். உள்ளே வருவதையும் மெதுவாக்கினால் அந்தச் சில சட்டகங்களுக்குக் கேமரா சுவருக்குள்தான் இருக்கும், திரும்பும்போதெல்லாம் சுவரின் மறுபுறம் பளிச்சென்று தெரிந்து மறையும். உள்ளே வருவது உடனடியாக, வெளியே போவது மட்டும் மெதுவாக. கீழே `d` கையின் இப்போதைய நீளம், `hit` உருண்டை முட்டும் தூரம், எதிலும் முட்டாவிட்டால் கையின் முழு நீளம், `dt` ஒரு சட்டகத்தின் நேரம் நொடியில்:

```
if hit < d: d = hit
else: d += (hit - d) * (1 - exp(-5 * dt))
```

சுவர் விலகி அரை நொடியில் 150 சுமார் 380 ஆகிவிடும், சட்டக வேகம் 30 ஆனாலும் 60 ஆனாலும் அதே அளவு. கோடோவில் கதாபாத்திரத்தின் சொந்த உடலை `add_excluded_object` கொண்டு விலக்க மறந்தால் கை அதிலேயே முட்டி, கேமரா தலைக்குள் போய் உட்கார்ந்துவிடலாம்.

தமிழில் என்ன சொல்வது? 'பூம்' என்பதற்குக் கிணற்றுத் துலா அழகாகப் பொருந்தும், அச்சில் தாங்கிய நீள மரம் அதுவும். ஆனால் துலா குறுகாது. குறுகுவதுதான் இதன் உயிர், அதனால் நான் 'சுருங்குகோல்' என்று எழுதுகிறேன்.