முட்டை லாரியில் எத்தனை கிரேட் ஏற்றலாம்? எடைச் சட்டம் பார்ப்பது எண்ணிக்கையை அல்ல

முட்டை வியாபாரம் முழுவதும் எண்ணிக்கையில் நடக்கிறது. ஒரு ட்ரேயில் 30 முட்டை, ஒரு கிரேட்டில் 12 ட்ரே, ஆக 360 முட்டை என்று கணக்குப் போட்டு, "இந்த வண்டிக்கு இத்தனை கிரேட்" என்று பண்ணையிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்துக்கோ கிரேட் என்றால் என்னவென்றே தெரியாது; அது கிலோவை மட்டும் பார்க்கிறது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ஓட்டுநர். யாரோ சொன்ன எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு போய், சோதனையில் அபராதம் விதிக்கப்பட்டு, அதைத் தன் சம்பளத்தில் பிடிக்கவிட்ட ஓட்டுநர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 113ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையைத் தாண்டிச் சுமை ஏற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. தாண்டினால், 2019இல் திருத்தப்பட்ட 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய், அதோடு அதிகச் சுமையை இறக்கும் செலவும் உண்டு. வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் இந்தப் பிரிவில் அடங்குவார்கள். இதைப் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இனி முதல் பொறிக்கு வருவோம். ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெற்று வண்டியின் எடை, மற்றொன்று சுமையோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, கிடைப்பதைச் சுமை என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் அந்த வெற்று எடை, வண்டி பதிவாகும் நாளில் எழுதப்பட்டது. அதன் பிறகு முட்டைக்காக இரும்புக் கம்பி வேலி உயர்த்தியிருப்பார்கள், தரையில் இன்னொரு தகடு போட்டிருப்பார்கள், கருவிப் பெட்டி, கூடுதல் டயர், கனமான தார்ப்பாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். இவை எதுவும் ஆர்.சி.யில் ஏறாது. ஆனால் எடைமேடையில் ஏறிவிடும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்.சி.யில் மொத்த எடை 7,490 கிலோ, வெற்று எடை 3,450 கிலோ. காகிதத்தில் 4,040 கிலோ ஏற்றலாம். அதே வண்டியை டீசல் நிரப்பி, ஓட்டுநரும் உதவியாளரும் ஏறியமர்ந்து, கயிறு தார்ப்பாயோடு எடைமேடையில் நிறுத்தினால் 3,820 கிலோ காட்டுகிறது. உண்மையில் ஏற்றக்கூடியது 3,670 கிலோதான். சரக்கு ஏறுவதற்கு முன்பே 370 கிலோ போய்விட்டது.

அடுத்து ஒரு கிரேட்டின் எடை. 55 கிராம் முட்டை 360 என்றால் 19.8 கிலோ. காகிதக்கூழ் ட்ரே பன்னிரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிளாஸ்டிக் கிரேட் இரண்டு கிலோவுக்கு மேல். மொத்தம் 23 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 3,670ஐ 23ஆல் வகுத்தால் 159 கிரேட் வருகிறது. ஆர்.சி.யை மட்டும் நம்பியவர் 175 ஏற்றியிருப்பார். இடத்தை நம்பியவர் இன்னும் மேலே போவார். உள்ளே 4.2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள இந்த வண்டியில், 64 செ.மீ. நீளமும் 33 செ.மீ. அகலமும் உள்ள கிரேட்டை வரிசைக்கு ஆறு வீதம் ஆறு வரிசை வைத்தால் ஓர் அடுக்குக்கு 36 ஆகும். ஐந்து அடுக்கில் 180. இடம் இருக்கிறது என்பதற்காக ஏற்றிய அந்த 180 கிரேட், எடைமேடையில் 470 கிலோ ஓவர்லோடாக நிற்கும்.

ஆகவே நான்கு முழு அடுக்கு, அதாவது 144 கிரேட் ஏற்றிவிட்டு, ஐந்தாவது அடுக்கில் முன்பக்கத் தடுப்பை ஒட்டி இரண்டு முழு வரிசை மட்டும் வைத்தால் 156 வரும். மொத்த எடை 7,408 கிலோ. 82 கிலோ மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை "இன்னும் மூன்று கிரேட்டுக்கு இடமிருக்கிறதே" என்று நிரப்பிவிட வேண்டாம். மழையில் தார்ப்பாயும் ட்ரேயும் ஈரம் குடிக்கும். ஒரு எடைமேடைக்கும் இன்னொன்றுக்கும் சிறு வித்தியாசம் இருக்கும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் மாட்டிவைக்கும் பொறி ஒன்று உண்டு. கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும். அதே பண்ணையிலிருந்து சில மாதம் கழித்து 60 கிராம் முட்டை வந்தால், கிரேட்டுக்கு 1.8 கிலோ கூடி, அதே 156 கிரேட்டின் எடை 281 கிலோ அதிகமாகிவிடுகிறது. 7,408 என்பது 7,689 ஆகிறது. வரம்பைவிட 199 கிலோ கூடுதல். ஒரு கிரேட்கூட அதிகம் ஏற்றவில்லை, போன மாதம் இதே எண்ணிக்கை தடையின்றிப் போனது என்ற விளக்கத்தை எந்தச் சோதனைச் சாவடியும் கேட்காது. ஆகவே முட்டையின் எடை மாறும் ஒவ்வொரு முறையும் நான்கைந்து நிறைந்த கிரேட்டைத் தராசில் வைத்துச் சராசரி எடுங்கள். 60 கிராம் முட்டைக்கு இந்த வண்டியின் எல்லை 147 கிரேட்.

அடுக்கும் முறைக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. முட்டையின் கூர்முனை கீழே இருக்க வேண்டும். ட்ரேயை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது, மேல் ட்ரேயைக் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும். ஒரே வாக்கில் வைத்தால் காலி ட்ரேக்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குவதைப்போல மேல் ட்ரே கீழே இறங்கி, முட்டையின் தலையில் உட்கார்ந்துவிடும். திருப்பி வைத்தால் ட்ரேயின் முனைகள் எடையைத் தாங்கும். கிரேட்டில் பக்கம் பக்கமாக உள்ள இரண்டு அடுக்கும் ஆறு ட்ரே உயரம் நிரம்பியதும் கிரேட்டின் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான குச்சியை வைத்துப் பாருங்கள். குச்சி எந்த முட்டையிலும் தட்டாமல் இரு பக்க விளிம்பிலும் படிய வேண்டும். தட்டினால், மேலே வரும் கிரேட்டின் எடை கிரேட்டின் சுவரில் இறங்காமல் முட்டையில் இறங்கும். ஐந்து அடுக்கில் அடிக் கிரேட்டின்மேல் 92 கிலோ நிற்கிறது. பெரிய முட்டை வந்தால் உயரமும் கூடுவதால், குச்சி தட்டும் கிரேட்டில் மேல் ட்ரேயை எடுத்துவிடுவதே வழி. அதற்குச் சம்மதிக்காத வியாபாரிக்கு உடைசல் கணக்கைக் காட்டுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது கிரேட்டின் மூலைமேல் மூலை வர வேண்டும். செங்கல் கட்டுவதைப்போல மாற்றி மாற்றி வைத்தால், மேல் கிரேட்டின் மூலை கீழ்க் கிரேட்டின் நடுவில் விழுந்து பலம் போய்விடும். பின்பக்கம் மிஞ்சும் 36 செ.மீ. இடைவெளியைக் காலி கிரேட்டாலோ பலகையாலோ அடைத்துவிட்டால், மேடேறும்போது சரக்கு பின்னால் சரியாது. பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் பகுதிதான் மிக அதிகமாகக் குலுங்கும். உடைந்த முட்டை எங்கே கூடுகிறது என்று இறக்கும்போது வரிசை வரிசையாகப் பார்த்தாலே தெரியும். ஐந்தாம் அடுக்கைப் பின்னால் வைக்காமல் முன்னால் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அலுவலகத்துக்கு வருவோம். வெற்று வண்டியின் எடையே ஆர்.சி.யில் உள்ளதைவிடக் கூடியிருந்தால், ஒரு முட்டைகூட ஏற்றாமலேயே 113ஆம் பிரிவின் மீறலாகிறது. சுமை ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்லும் அதே பிரிவு வெற்று வண்டியைப் பற்றியும் சொல்கிறது. இதைச் சரிசெய்ய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். நடைமுறையில் எடைமேடைச் சீட்டு கேட்பார்கள், சீட்டு கொடுத்தால் ஆய்வாளர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள், அவர் பார்க்கும் நாளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதம் இல்லையே என்பார்கள். சீட்டு, வண்டி, கடிதம் மூன்றையும் ஒரே நாளில் கொண்டு போங்கள். விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை நீங்கள் வந்ததே யாருக்கும் நினைவிருக்காது. இன்னொன்று, எடை பதிவாவதால் ஏற்றக்கூடிய சுமை அதிகமாகாது. மொத்த எடை அப்படியேதான் இருக்கும். வேண்டாத இரும்பைக் கழற்றிவிட்டு எடையைக் குறைக்க முடியுமானால், அதுவே மலிவான வழி.

அச்சு எடை வரம்பு 2018இல் உயர்த்தப்பட்டது என்பதைச் சொல்லி, "இப்போது கூடுதலாக ஏற்றலாம்" என்று பலர் பேசுவார்கள். உங்கள் ஆர்.சி.யில் புதிய எண் ஏறாதவரை அந்தப் பேச்சை நம்பி ஒரு கிரேட்கூட ஏற்றாதீர்கள்.

சாலையில் அதிகாரி நிறுத்தினால், கண்ணால் பார்த்து "ஓவர்லோடு" என்று சொல்வதோடு விஷயம் முடியாது. 114ஆம் பிரிவின்படி, சந்தேகம் இருந்தால் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அந்த மேடை நீங்கள் போகும் வழியின் ஏதாவதோர் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். எடை கூடுதலாக இருந்தால், அதிகச் சுமையை இறக்குமாறு எழுத்தில் உத்தரவிட வேண்டும். எழுத்தில் என்பதை அமைதியாகக் கேளுங்கள். எடை போட மறுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நிறுத்தி எடைக்கு உட்பட மறுப்பதற்கு மட்டும் அபராதம் 40,000 ரூபாய். இறக்கும் சுமையின் பொறுப்பு உங்களுடையதுதான் என்று சட்டமே சொல்வதால், நடுவெயிலில் சாலையோரம் இறக்கிய கிரேட்டுக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள்.

சுமை வண்டியின் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ நீண்டிருந்தால், அல்லது அனுமதித்த உயரத்தைத் தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் 194ஆம் பிரிவில் தனியாக 20,000 ரூபாய் உண்டு. ஐந்தாம் அடுக்கை வேலிக்கு மேல் உயர்த்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டுநர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை மூன்று சீட்டுகள். வண்டி எண்ணோடு வெற்று எடைச் சீட்டு, ஏற்றிய பிறகு போட்ட எடைச் சீட்டு, ஏற்றியவர் கையெழுத்தோடு கிரேட் எண்ணிக்கையும் ஒரு கிரேட்டின் எடையும் எழுதிய சீட்டு. மூன்றாவதைத் தர யாரும் முன்வருவதில்லை, ஏனெனில் எண்ணிக்கையைச் சொன்னது யார் என்று அதில் இருக்கும். வெற்று எடை ஆர்.சி.யில் உள்ளதைவிடக் கூடியிருந்து, ஓட்டுநர் உரிமையாளர் அல்லாத நிலையில், மீறல் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவருடைய உத்தரவின்படியோ நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 113ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்றிய சுமை கூடுதலாக இருப்பதற்கு அந்த அனுமானம் இல்லை; அங்கே இந்தச் சீட்டுதான் துணையாக நிற்கும். உரிமையாளர் அபராதத்தைச் சம்பளத்தில் பிடிக்க வரும்போது முதலில் காட்ட வேண்டியதும் இதைத்தான்.