டியூட்டி சைக்கிள்: பணிவிகிதம்

வெல்டிங் இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டில் 60% என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஒட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது அதன் பொருள். பற்றரியில் இயங்கும் சிறிய உணரிக் கணு ஒன்றை வாய்க்கால் கரையில் நட்டு நீர்மட்டம் பார்க்க விரும்பும் தொழினுட்பத் துறை மாணவருக்கும் இதே எண் தேவைப்படுகிறது. இரண்டு இடத்திலும் பெயர் ஒன்றுதான்: டியூட்டி சைக்கிள். ஆனால் வெல்டிங் இயந்திரத்தில் இந்த எண் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது, உணரிக் கணுவிலோ பற்றரியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

'டியூட்டி' நமக்கு அந்நியமான சொல் அல்ல. ஆஸ்பத்திரியிலும் பொலிஸ் நிலையத்திலும் டியூட்டி என்றால் கடமை நேரம். துறைமுகத்தில் அது தீர்வை. இரண்டுக்கும் வேர் ஒன்று: 'செலுத்தக் கடன்பட்டது' என்ற பழைய பிரெஞ்சுச் சொல். பொறியியலில் இச்சொல் புகுந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களில் நீர் இறைத்த நீராவி இயந்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட, ஒரு புசல் நிலக்கரியை எரித்து எத்தனை இறாத்தல் நீரை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கியது என்று கணக்கெடுத்தார்கள். அந்த அளவுக்கு டியூட்டி என்று பெயர். நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் இன்றும் 'வாட்டர் டியூட்டி' என்று சொல்வது, வயலின் பரப்புக்கும் அதற்குத் தேவைப்படும் நீருக்கும் உள்ள தொடர்பை. ஆக, இயந்திரமோ நீரோ தன்மேல் சுமத்தப்பட்ட வேலையைச் செய்யும் அளவே பொறியியலாளரின் டியூட்டி. 'சைக்கிள்' கிரேக்கச் சொல். சக்கரம் என்று பொருள். ஒரு சுற்று முடிந்து மறுசுற்றுத் தொடங்குவதைக் குறிக்கிறது.

இரண்டையும் சேர்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'கடமைச் சுழற்சி' வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. சுழற்சி என்றதும் கேட்பவர் மனத்தில் ஒரு கால அளவு எழுகிறது, "எத்தனை செக்கன்?" என்று கேட்கத் தோன்றுகிறது. டியூட்டி சைக்கிளுக்கு அலகே கிடையாது. அது வேலை செய்த நேரத்தை முழுச் சுற்றின் நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் பின்னம். முறை வைத்துத் திறக்கும் வாய்க்காலில் ஏழு நாளில் மூன்று நாள் தண்ணீர் வந்தால் அந்த 3/7 தான் டியூட்டி சைக்கிள். ஏழு நாள் என்பது சுற்றின் நீளம் மட்டுமே. ஆகவே பொதுச் சொல்லாகப் 'பணிவிகிதம்' என்பதை எடுத்துக்கொள்கிறேன். உணரிக் கணுவுக்கு 'விழிப்பு விகிதம்' இன்னும் பொருந்தும். ஏனென்றால் அங்கே வேலை செய்வதும் விழித்திருப்பதும் ஒன்றே. விழித்திருக்கும்போது அது இழுக்கும் மின்னோட்டத்தை விழிப்பு மின்னோட்டம் என்றும், உறங்கும்போது இழுப்பதைத் துயில் மின்னோட்டம் என்றும் சொன்னால் மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும்.

வானொலிக்காரர்கள் இதே சொல்லைச் சற்றுக் குறுகிய பொருளில் ஆள்வதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் செய்தி அனுப்பும் லோரா போன்ற வானொலிக் கருவிகளுக்குச் சில அலைவரிசைகளில் 1% எல்லை உண்டு. மணித்தியாலத்துக்கு 36 செக்கன் மட்டும் அலை பரப்பலாம் என்பது அதன் பொருள். அது பரப்பும் நேரத்தை மட்டும் எண்ணுகிறது. பற்றரிக் கணக்குக்கோ விழித்தது முதல் மீண்டும் உறங்கும்வரை உள்ள முழு நேரமும் வேண்டும். உணரி நிலைபெறக் காத்திருக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

இனி ஒரு கணுவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். படுவான்கரையில் உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் ஒரு வாய்க்காலை எண்ணிக்கொள்ளுங்கள். மீயொலி உணரி நீர்மட்டத்தை அளக்கிறது, லோரா அதை அனுப்புகிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, அதாவது 900 செக்கனுக்கு ஒரு முறை, கணு விழித்து 3 செக்கன் வேலை செய்கிறது. விழிப்பு மின்னோட்டம் சராசரியாக 30 மில்லியம்பியர், துயில் மின்னோட்டம் 20 மைக்ரோ அம்பியர். D விழிப்பு விகிதம், t_active விழித்திருக்கும் நேரம், T முழுச் சுற்றின் நேரம், I மின்னோட்டம், C பற்றரியின் கொள்ளளவு என்று கொண்டால் சூத்திரம் எளியது:

```
D = t_active / T
I_avg = D × I_active + (1 − D) × I_sleep
hours = C / I_avg
```

விழிப்பு விகிதம் 3/900, அதாவது முந்நூறில் ஒன்று. விழிப்பின் பங்கு 30 மில்லியம்பியரில் முந்நூறில் ஒன்று, அதாவது 100 மைக்ரோ அம்பியர். துயிலின் பங்கு ஏறத்தாழ முழு 20 மைக்ரோ அம்பியர். மொத்தச் சராசரி 120 மைக்ரோ அம்பியர்.

பற்றரியாக மூன்று டபுள் ஏ அல்கலைன் கலங்களைத் தொடராக இணைத்திருக்கிறோம். தொடரில் மின்னழுத்தம் கூடும், கொள்ளளவு கூடாது. ஒரு கலத்துக்கு 2400 மில்லியம்பியர் மணி என்றால் மூன்றுக்கும் அதே 2400 தான். அதை 0.12 மில்லியம்பியரால் வகுத்தால் 20,000 மணித்தியாலம், இரண்டே கால் ஆண்டு. இந்த இடத்தில் பலர் பேனையை வைத்துவிடுகிறார்கள். அந்த 2400 என்பது கலம் 0.8 வோல்ற்று அளவுக்கு வற்றும்வரை கிடைப்பது. நம் கணுவோ மொத்தம் 3.5 வோல்ற்றுக்குக் கீழே போனால் நின்றுவிடும். அப்போது ஒவ்வொரு கலமும் இன்னும் 1.17 வோல்ற்றில் இருக்கும். அதுவரை கிடைப்பது சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 1600 மில்லியம்பியர் மணி என்று வைத்துக்கொள்வது நியாயம். இப்போது ஆயுள் 13,300 மணித்தியாலம், ஒன்றரை ஆண்டு. ஒரு பெரும்போகத்தில் போட்ட பற்றரி அடுத்த பெரும்போகத்தையும் தாண்டும். வாய்க்கால் கரைக்கு இது போதும்.

ஆனாலும் வாய்க்கால் நீர்மட்டம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறுவதில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு முறை அளந்தால் விழிப்பின் பங்கு 25 மைக்ரோ அம்பியராகிறது. சராசரி 45, ஆயுள் நான்கு ஆண்டு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்றால் விழிப்பின் பங்கு 4 மைக்ரோ அம்பியரே. ஆனால் சராசரி 24 க்குக் கீழே இறங்க மறுக்கிறது, ஏனெனில் துயிலின் 20 அசையாமல் நிற்கிறது. இரண்டு பங்கும் சமமாகும் புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கணக்கிலேயே மிகப் பயனுள்ள படி என்பது என் கருத்து. 20 மைக்ரோ அம்பியரை 30 மில்லியம்பியரால் வகுத்தால் 1/1500. மூன்று செக்கன் விழிப்புக்கு அது 4500 செக்கன் சுற்று, அதாவது 75 நிமிடம். இடைவெளி 75 நிமிடத்துக்குக் குறைவு என்றால் விழிப்பு நேரத்தைச் சுருக்க உழையுங்கள். அதைவிடக் கூட என்றால் துயில் மின்னோட்டத்தைக் குறைக்க உழையுங்கள். விழிப்பு விகிதத்தை இன்னும் குறைப்பது அங்கே வீண்வேலை.

துயில் மின்னோட்டம் என்று எதை எழுதுகிறோம் என்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் சறுக்குகின்றன. சில்லின் தரவுத்தாளில் ஆழ்துயிலுக்கு 10 மைக்ரோ அம்பியர் என்று போட்டிருக்கும். அது சில்லுக்கு மட்டும். கடையில் வாங்கும் பயிற்சிப் பலகையில் 1117 வகை மின்னழுத்தச் சீராக்கி ஒன்று இருந்தால், சில்லு உறங்கினாலும் அது தனக்கென்று 5 மில்லியம்பியர் அளவு எடுக்கும். பக்கத்தில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஓரிரு மில்லியம்பியர். மின்னிணைப்பு துண்டிக்கப்படாத மீயொலி உணரி சும்மா இருக்கும்போதே இன்னும் இரண்டு. முதல் இரண்டையும் மட்டும் சேர்த்து 7 மில்லியம்பியர் என்று வைத்தாலும் ஒன்றரை ஆண்டுக் கணு பத்து நாளுக்குள் அணைந்துவிடும். சூத்திரம் சரிதான், உள்ளே போட்ட எண்தான் வேறு ஒரு பொருளுக்கு உரியது. குறைந்த தன்மின்னோட்டமுள்ள சீராக்கி, விளக்கை அகற்றுதல், உணரிக்கு ஒரு திரான்சிஸ்டர் ஆளி ஆகிய மூன்றும் இருந்தால் 20 மைக்ரோ அம்பியர் எட்டக்கூடியது.

ஆகவே அளந்தே எழுத வேண்டும். ஆனால் மல்டிமீற்றரை மைக்ரோ அம்பியர் வீச்சில் வைத்துத் தொடராக இணைத்தால் கணு விழிக்கவே விழிக்காது. அந்த வீச்சில் மீற்றருக்குள் 100 ஓம் அளவுத் தடை இருக்கும். 30 மில்லியம்பியர் அதனூடாகப் போகும்போது 3 வோல்ற்று அங்கேயே விழுந்துவிடும். பலகை பழுது என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள். மீற்றரின் இரு முனைக்கும் குறுக்கே ஓர் ஆளியைப் போட்டு மூடியபடி கணுவை இயக்குங்கள். அது உறங்கியபின் ஆளியைத் திறந்து மீற்றரைப் பாருங்கள். மறுபடி விழிக்குமுன் ஆளியை மூடிவிடுங்கள். விழிப்பு மின்னோட்டத்துக்கு 1 ஓம் தடையைத் தொடரில் வைத்து அலைவுகாட்டியில் பார்த்தால் 30 மில்லியம்பியர் 30 மில்லிவோல்ற்றாகத் தெரியும். விழித்த நேரத்தின் நீளமும் அதே திரையில் கிடைக்கும்.

மேசையில் அளந்த அந்த 3 செக்கன் வாய்க்கால் கரையிலும் 3 செக்கனாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வடகீழ்ப் பருவமழையில் மின்வெட்டு வந்து நகரத்தில் உள்ள வாங்கும் நிலையம் அணைந்தால், பதில் வராத கணு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும்படி நிரல் எழுதப்பட்டிருக்கலாம். விழிப்பு 30 செக்கனாக நீண்டால் விழிப்பின் பங்கு 1 மில்லியம்பியர். அதே நிலை தொடர்ந்தால் ஒன்றரை ஆண்டு இரண்டு மாதமாகச் சுருங்கும். மறுமுயற்சிக்கு நிரலில் ஓர் எல்லை வையுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் முந்தைய விழிப்பு எத்தனை செக்கன் நீடித்தது என்பதையும், அலை பரப்பும் கணத்தில் பற்றரியின் மின்னழுத்தத்தையும் சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். விழிப்பு நேரம் ஏறினால் கோளாறு வலையமைப்பில். விழிப்பு நேரம் மாறாமல் மின்னழுத்தம் மட்டும் கணக்கைவிட வேகமாக இறங்கினால் துயில் மின்னோட்டத்தைச் சந்தேகியுங்கள்; ஈரம் புகுந்த பலகையில் அப்படித்தான் கசியும்.

ஆறு மணித்தியால இடைவெளிக்குச் சூத்திரம் ஏழரை ஆண்டு என்று சொல்லும். அதை ஒருவருக்கும் வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். அல்கலைன் கலம் பயன்படுத்தாமலே ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதம் தானாக இழக்கிறது. 2400 மில்லியம்பியர் மணியில் 3% என்பது தொடர்ச்சியான 8 மைக்ரோ அம்பியருக்குச் சமம், விழிப்பின் பங்கைப்போல் இரு மடங்கு. வெயிலில் மூடிக்கிடக்கும் பெட்டிக்குள் அது இன்னும் கூடும். இந்த 8 ஐயும் சராசரியோடு கூட்டி வகுத்தால் ஆயுள் ஆறு ஆண்டுக்கும் கீழே வருகிறது.