பேருந்து போகட்டும், பிறகு கடப்போம்: தொடக்கப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை நாடகம்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை செல்லும் நெடுஞ்சாலையில் பல இடங்களில் பேருந்து ஒதுங்கி நிற்கப் போதிய இடம் இல்லை. சாலையிலேயே நிற்கும் பேருந்தைப் பின்னால் வரும் வண்டிகள் வலப்பக்கமாக முந்துகின்றன. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இறங்கியவுடன் பேருந்தின் முன்புறமாகவே சாலையைக் கடக்க முயல்வதைத் தொடக்கப் பள்ளி ஆசிரியராக அடிக்கடி பார்க்கிறேன். சிக்னல் விளக்கின் மூன்று நிறங்களை ஒப்பிக்க வைப்பதைவிட, சிக்னலே இல்லாத நிறுத்தத்தில் இறங்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சூழலை நடித்துப் பழக்குவதே அதிகம் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை, தன் கண்ணுக்குத் தெரியாத வண்டி வரவே இல்லை என்றும், தான் பார்த்த வண்டியின் ஓட்டுநர் தன்னையும் பார்த்துவிட்டார் என்றும் எளிதில் எண்ணிவிடும். இந்த எண்ணத்தை அறிவுரையால் மாற்றுவது கடினம். அதனால் நாடகத்தில் ஓட்டுநரின் இடத்திலும் பிள்ளைகளையே நிறுத்துகிறேன்.

வகுப்பின் நடுவில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகளின் தலை மறையும் உயரத்துக்கு ஒரு பெட்ஷீட்டைக் கட்டினால் பேருந்து தயாராகிவிடும். சாலையின் ஓரங்களைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளலாம்.

காட்சி 1

கண்டக்டர்: ஸ்டாப் வந்தாச்சு, பாத்து இறங்குங்க.

பாட்டி (எதிர்ப்புறத்தில் நின்று): மக்களே, இங்க நிக்கேன், ஓடி வா!

தம்பி: பாட்டி! (பேருந்தின் முன்புறமாக ஓடுகிறான். பைக் ஓட்டுபவர் பேருந்தை முந்தி வருகிறார்.)

ஆசிரியர்: நில்! யாரும் அசையக் கூடாது.

மோதுவதையும் விழுவதையும் நடிக்க விடக் கூடாது. விட்டால் வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பு மட்டுமே மனத்தில் தங்கும். அனைவரும் அசையாமல் நிற்கும்போது ஒரு கயிற்றின் ஒரு முனையைப் பைக் ஓட்டும் பிள்ளையின் கண்ணருகிலும், மறுமுனையைத் தம்பியின் கண்ணருகிலும் பிடித்து இழுத்துக் காட்டுகிறேன். கயிறு பெட்ஷீட்டில் இடித்தால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது என்று பொருள். தம்பியாக நடித்தவரும் பைக் ஓட்டியவரும் இடம் மாறி மீண்டும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

காட்சி 2

தம்பி: அக்கா, பாட்டி விளிக்காங்களே!

அக்கா: கையப் பிடி. பஸ் போகட்டும்.

பாட்டி: அங்கேயே நில்லுங்க மக்களே, ஓடி வராதீங்க.

அக்கா: பஸ் போயாச்சு. வலப்பக்கம் பாரு, என்ன வருது?

தம்பி: ஒரு ஆட்டோ வருது.

அக்கா: அது போகட்டும். இப்ப இடப்பக்கம்?

தம்பி: ஒண்ணும் இல்ல.

அக்கா: இன்னொரு தடவை வலப்பக்கம் பாரு. இப்ப நடப்போம், ஓடாத.

இரண்டாம் காட்சியில் பெரும்பாலான பிள்ளைகள் தலையை மட்டும் வலமும் இடமும் திருப்புவார்களே தவிர, கண் எதையும் பார்த்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க, இரு பக்கமும் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, வண்ண அட்டைகளை மாற்றி மாற்றிக் காட்டச் சொல்கிறேன். தம்பி அட்டையின் நிறத்தைச் சொன்ன பிறகே அடுத்த பக்கம் திரும்பலாம்.

பிறகு கலந்துரையாடல். பேருந்தின் பின்புறமாகக் கடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை முதலில் வைக்கிறேன். பலரும் அது பாதுகாப்பானது என்பார்கள். கயிற்றை மீண்டும் பிடித்தால், எதிர்த்திசையில் இடப்பக்கமிருந்து வரும் வண்டியைப் பேருந்து மறைப்பது அவர்களுக்கே புரியும். அடுத்து, பைக் ஓட்டுபவர் தம்பியைப் பார்த்தவுடன் வண்டி நின்றுவிடுமா என்று கேட்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் ஓடும். ஓட்டுநர் கண்டு பிரேக் பிடிக்க அந்த ஒரு நொடி ஆகிவிடும், வண்டி நிற்க அதற்கு மேலும் தூரம் வேண்டும். விளையாட்டு மைதானத்தில் 11 மீட்டரை அளந்து பிள்ளைகளை நடக்கச் சொன்னால், இவ்வளவு தூரமா என்று வியப்பார்கள். ஆனி மழையிலும் ஐப்பசி மழையிலும் சாலை நனைந்திருந்தால் இந்தத் தூரம் கூடுமா குறையுமா என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

தம்பி ஓடியதற்கு யார் காரணம் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. முதலில் எல்லோரும் தம்பியைக் குறை சொல்வார்கள். சற்றுப் பொறுத்தால் ஒரு பிள்ளையாவது "பாட்டி கூப்பிட்டதாலதானே ஓடினான்" என்று சொல்லும். அப்படியானால் பாட்டி எங்கே நின்றிருக்க வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்தைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்கிறேன். பேருந்து நிற்கும் பக்கத்தில், வாசல் அருகே குறிப்பார்கள்.

வகுப்பில் சரியாக நடித்த பிள்ளை சாலையிலும் அப்படியே செய்யும் என்று நம்பிவிட முடியாது. வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் தொடக்கப் பள்ளி வயதில் முழுமையாக வந்திருக்காது. அதனால் சிறு குழுக்களாகப் பிரித்து, பெரியவர்கள் கையைப் பிடித்தபடி, உண்மையான நிறுத்தத்தில் இதே வரிசையில் செய்து பார்க்க வைக்க வேண்டும். அன்று மாலையே, அழைக்க வருபவர்கள் பேருந்து நிற்கும் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும் என்றும், எதிர்ப்புறத்திலிருந்து கையசைத்து அழைக்கக் கூடாது என்றும் பிள்ளைகளின் கையெழுத்திலேயே எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.