ஃபினாஸ்டரைடு மாத்திரை: எத்தனை நாள் சாப்பிடணும்?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முடி கொட்டினால் பழி முதலில் போர் தண்ணீர் மேல்தான் விழும். அதே தண்ணீரில் குளிக்கும் அக்காவுக்கு ஏன் கொட்டவில்லை என்று கேட்ட பிறகுதான், அப்பாவின் தலை எப்படி இருந்தது என்ற பேச்சுக்கு வருவோம்.

அப்படித்தான் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார் அந்த 26 வயது தம்பி. வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்குப் போய் வருபவர். உச்சந்தலையில் வட்டமாக மெலிந்திருந்தது. அங்கே முடியின் வேர் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு மசிந்து, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மெல்லிய முடியாக முளைக்கும். டெஸ்டோஸ்டிரோன் டி.எச்.டி.யாக மாறுவதைத்தான் ஃபினாஸ்டரைடு தடுக்கிறது. தினம் 1 மி.கி., ஒரே ஒரு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, எதுவும் வித்தியாசமில்லை.

பத்தாவது வாரம் கோபமாக வந்தார். "இருந்ததும் போச்சுங்க டாக்டர்." தலையணையில் கிடந்த முடியை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சிலருக்கு முதல் இரண்டு மூன்று மாதங்களில் இப்படிக் கூடுதலாகக் கொட்டும். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுவதால் வருவது இது. தலை முழுக்கப் பரவலாகக் கொட்டி, நாலாவது மாதத்துக்குள் அடங்கினால் கவலை வேண்டாம். நாணயம் மாதிரி ஒரே இடத்தில் மொழுக்கென்று ஆனாலோ, அரிப்பும் செதிலும் இருந்தாலோ அது வேறு நோய், காட்ட வேண்டும். தம்பிக்குப் பரவலாகத்தான் கொட்டியிருந்தது. தொடரச் சொன்னேன்.

கண்ணாடியை நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், எண்ணெய் இல்லாத காய்ந்த தலையை வீட்டில் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஆறாவது மாதம் கொட்டுவது குறையும், பன்னிரண்டாவது மாதம்தான் தீர்ப்பு. 1,500 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில், இரண்டு வருட முடிவில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 83 பேருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறையவில்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 28 பேர்தான். கவனியுங்கள், முதல் லாபம் இருப்பதைக் காப்பாற்றுவது. உச்சியில் அடர்த்தி கூடுவது அதற்கு மேல் கிடைப்பது. முன்நெற்றி ஏறியது அவ்வளவாக இறங்காது. ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் நானே நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

பக்கவிளைவு பற்றித் தம்பி நேராகக் கேட்கவில்லை, மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தார். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான். ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, விந்து குறைவது இவை வரலாம். ஆரம்ப ஆய்வுகளில் முதல் வருடத்தில் 100க்கு 4 பேருக்கும் குறைவாகவே சொன்னார்கள், வெறும் மாத்திரைக்காரர்களிலும் 2 பேர் சொன்னார்கள். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் நிறுத்திய பிறகும் சிலருக்கு நீடித்ததாகப் பதிவாகியிருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பக்கவிளைவுகளில் உண்டு. அதனால் முன்பு மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்தவருக்கு நான் இதை எழுதுவதில்லை. மனம் சரியில்லை என்று தோன்றினால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மார்பில் கட்டியோ வலியோ வந்தாலும் காட்ட வேண்டும்.

இன்னொன்று. காசு மிச்சம் என்று 5 மி.கி. மாத்திரையை பிளேடால் நறுக்குகிறார்கள். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருக்கிறது. நறுக்கினால் தூள் பறக்கும். கர்ப்பிணி அதைத் தொட்டால் வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். தம்பியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த சமயம்.

பதினாலாவது மாதம் கல்யாணம். முடி நன்றாக இருந்தது, குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, கேட்காமலே நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் டி.எச்.டி. பழைய அளவுக்குத் திரும்பிவிடும். முடி உடனே போகாது, அதுதான் ஏமாற்றுவது. மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை, குணமாகிவிட்டது என்றே நினைத்திருக்கிறார். ஒன்பதாவது மாதம் திரும்பி வந்தபோது போட்டோவில் பழைய வட்டம். பொதுவாக ஒரு வருடத்துக்குள் பெற்றதெல்லாம் போய்விடும்.

குழந்தைக்காக எல்லோரும் நிறுத்தத் தேவையில்லை, விந்தில் கலக்கும் மருந்து மிகச் சொற்பம். விந்தணு எண்ணிக்கை முன்பே குறைவாக இருந்தால் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிப்போம். தம்பிக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது. எத்தனை நாள் சாப்பிடணும் என்று கேட்டார். "முடி வேணுங்கிற வரைக்கும். நாப்பது வயசுல வேண்டாம்னு தோணினா அன்னைக்கு நிறுத்திக்கலாம், உடம்புக்குக் கேடில்லை" என்றேன். ரத்த தானம் செய்வதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொன்னேன். வயதான பிறகும் தொடர்ந்தால், புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. என்ற ரத்தச் சோதனை எடுக்கும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும்.