மதத் தேசியம் வேறு, மதவெறி வேறு

'ரிலிஜியஸ் நேஷனலிசம்' என்று மூலத்தில் கண்டால் போதும், நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'மதவெறி' என்று எழுதிவிடுகிறார்கள். அண்மையில் படித்த ஒரு கட்டுரையில் மட்டும் ஏழு இடங்களில் அப்படி. ஏழாவது இடத்தில் 'அமைதியான மதவெறி' என்று வந்தது. கலவரம் ஏதுமின்றிப் பாடப்புத்தகம் வழியாகப் பரவும் அரசியலைத்தான் மூல ஆசிரியர் சொல்லியிருந்தார்.

இதற்கு 'மதத் தேசியம்' என்பதே சரியான சொல். மதம் வடசொல், 'கருத்து, கொள்கை' என்பது அதன் முதற்பொருள். யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தேசியம், தேசத்திலிருந்து வந்தது. சரி, சிக்கல் 'வெறி'யில்தான். சங்கப் பாடல்களில் வேலன் ஆடுவது வெறியாட்டு, அதாவது சாமி வந்து தன்னை மறந்து ஆடுவது. மதத் தேசியத்தில் யாரும் தன்னை மறப்பதில்லை. ஒரு புனிதச் சின்னத்தை எடுத்து, 'இதை வணங்குபவர்தான் இந்த நாட்டவர்' என்று வரையறுப்பது நிதானமாகச் செய்யும் வேலை.

'வந்தே மாதரம்' பாட்டையே பாருங்கள். முதல் இரண்டு பத்திகளில் நீர்வளம், கனி, குளிர்காற்று, நிலா என்று மண்ணின் வர்ணனைதான். பின்னால் வரும் பத்திகளில் அந்தத் தாய் துர்க்கையாகிறாள். மண்ணை நேசிக்க எல்லோராலும் முடியும். துர்க்கையை வணங்க எல்லோராலும் முடியாது. முஸ்லிம்களின் மறுப்பை எடைபோட்ட காங்கிரஸ் செயற்குழு, தேசியக் கூட்டங்களில் முதல் இரண்டு பத்திகளை மட்டும் பாடலாம் என்று 1937இல் முடிவு செய்தது. பக்தியின் அளவை அவர்கள் அளக்கவில்லை. சின்னம் யாரை வெளியே நிறுத்துகிறது என்றுதான் பார்த்தார்கள். இதில் 'வெறி'க்கு எங்கே இடம்? முழுப் பாட்டையும் உருகிப் பாடுபவர் பக்தராக மட்டும் இருக்கலாம். பாடாதவருக்கு இந்த நாட்டில் உரிமை இல்லை என்று சொல்லும்போதுதான் அது மதத் தேசியம்.

'வகுப்புவாதம்' என்று எழுதுவோரும் உண்டு. வகுப்பு நல்ல தமிழ்ச் சொல், 'வகு' என்பதிலிருந்து வந்தது. ஆனால் அது ஒரு நாட்டுக்குள் ஒரு பிரிவு தனக்காக நிற்பதைக் காட்டும். மதத் தேசியமோ ஒரு பிரிவையே முழு நாடாகக் காட்டுவது. போதாக்குறைக்கு, 'வகுப்புவாரி உரிமை' இங்கே சமூகநீதிக் கோரிக்கையாக இருந்த சொல். அதன் உறவுச் சொல்லை வசையாக்குவது எனக்கு உறுத்துகிறது. தனித்தமிழ் அன்பர்கள் 'சமய நாட்டினவாதம்' என்கிறார்கள். சமயமும் வடசொல்தான். 'நாட்டினம்' என்றாலோ, நாடா இனமா என்று படிப்பவர் தடுமாறுவார். தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

வசைச்சொல் கையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் அதையே கலைச்சொல்லாக்குவது சோம்பேறித்தனம். எதிர்ப்பவருக்கும் அது உதவாது. 'நான் வெறியனா?' என்று ஒருவர் சாந்தமாகக் கேட்டால் வாதம் அங்கேயே நின்றுவிடும்.

அந்தக் கட்டுரையின் ஏழு இடங்களிலும் 'மதத் தேசியம்' என்று பென்சிலால் திருத்திப் படித்தேன். அப்புறம்தான் 'அமைதியான' என்ற அடைமொழி ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிந்தது.