வயிறு பெருத்த சினை ஆடு பட்டினி கிடப்பது எப்படி?

குட்டி போட மூன்று வாரம் இருக்கும் ஒரு பெட்டை ஆடு தீனியை விட்டு மூலையில் ஒதுங்கி நின்றால், "செரிமானம் ஆகலைங்க" என்றுதான் எனக்கு போன் வரும். அதற்குள் வெற்றிலை, மிளகு, ஓமத் தண்ணி எல்லாம் கொடுத்து முடித்திருப்பார்கள். செரியாமையாகவும் இருக்கலாம். ஆனால் கடைசி மாதத்தில், அதுவும் இரண்டு மூன்று குட்டி சுமக்கும் ஆட்டில், நான் முதலில் சந்தேகப்படுவது சினைக்கால நச்சு நோயை. பெயரைக் கேட்டதும் ஏதோ விஷச்செடி தின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து எந்த விஷமும் வருவதில்லை. உடம்பு தன் கொழுப்பையே கரைத்துத் தின்னும்போது உள்ளேயே உண்டாகும் நஞ்சு இது.

ஆடுகளுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். முதல் மூன்று மாதத்தில் குட்டி பெரிதாக வளர்வதில்லை. பிறக்கும்போது இருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கடைசி ஆறு ஏழு வாரத்தில்தான் ஏறுகிறது. அந்த வளர்ச்சிக்குக் குட்டிகள் தாயின் ரத்தத்திலிருந்து எடுப்பது குளுக்கோஸ். சிக்கல் என்னவென்றால், ஆடு தின்பதிலிருந்து நேராகக் குளுக்கோஸ் கிடைப்பது மிகக் குறைவு. தீனியை அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்து அமிலங்களாக்கும். அதில் ஒரு அமிலத்தைக் கொண்டுதான் ஈரல் பெரும்பங்கு குளுக்கோஸைத் தயாரிக்கிறது. கருப்பையில் மூன்று குட்டி வளர்ந்தால் அசையூண் வயிறு ஒரு பக்கமாக நசுங்கிவிடும். தேவை ஏறுகிற அதே நேரத்தில் தின்ன இடம் குறைகிறது.

பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை எடுக்கிறது. அளவாக எடுத்தால் கெடுதல் இல்லை. ஒரேயடியாக வந்து குவிந்தால் ஈரலால் அதை முழுதாக எரிக்க முடியாது. பாதி ஈரலிலேயே படிந்துவிடும், மீதி கீட்டோன் என்ற நச்சுப் பொருள்களாக மாறி ரத்தத்தில் சேரும். கீட்டோன் கூடினால் ஆட்டுக்குப் பசி போய்விடும். தின்னாததால் இன்னும் கொழுப்பு கரையும். அப்புறம் மூளைக்கும் குளுக்கோஸ் போதாமல் போய், கண் தெரியாமல் சுவரில் முட்டி நிற்கும் நிலை வரும்.

எலும்பும் தோலுமான ஆட்டுக்கு இது வரும் என்று சொன்னால் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். கொழுத்த ஆட்டுக்கு இன்னும் எளிதாக வரும் என்பதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். வயிற்றுக்குள் படிந்த கொழுப்பும் இடத்தை அடைக்கும், தீனி எடுப்பது மேலும் குறையும், கரைவதற்கோ கொழுப்பு ஏராளமாக இருக்கும். கொங்குப் பக்கம் பரண் கட்டித் தலைச்சேரி, போயர் கலப்பு ஆடுகளை வளர்க்கும் பண்ணைகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த வகைதான். தலைச்சேரி இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம், மூன்றும் போடும். கன்னி ஆட்டிலும் இரட்டை அதிகம். பரணில் நடையும் கிடையாது.

ஒரு பண்ணையில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். நாற்பது கிலோ எடைக்கு மேல் இருந்த தலைச்சேரி ஆடு, மூன்றாவது ஈத்து. கிடா சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தார்கள். அதன்படி அன்றைக்கு 135-ஆம் நாள். சினை பிடித்த முதல் நான்கு மாதம், "சினை ஆடாச்சே" என்று தினமும் அரைக் கிலோ கலப்புத் தீவனம். நான்காம் மாதம் முடிந்ததும் தீவனத்தை நிறுத்திவிட்டார்கள். குட்டி பெருத்தால் ஈன முடியாமல் சிக்கிக்கொள்ளும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாராம். அதன்பின் காலையும் மாலையும் நறுக்கிய கோ-4 கம்பு நேப்பியர் மட்டும். ஐப்பசி மழை தொடர்ந்து பிடித்துக்கொண்டதில் புல்லும் நனைந்தே வந்தது.

பார்க்கத் தொட்டி நிறையப் புல் இருந்தது. கணக்குப் போட்டால்தான் புரியும். நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அந்த ஆட்டுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது, தண்ணீரைக் கழித்தால் ஏறக்குறைய 1.4 கிலோ உலர்ந்த தீனி. அதை நேப்பியரில் மட்டும் எடுக்க வேண்டுமானால் ஏழு கிலோ புல் தின்ன வேண்டும். மூன்று குட்டியைச் சுமக்கும் வயிற்றில் அதற்கு இடம் ஏது? நான்கு கிலோ தின்றிருந்தாலும் கிடைத்தது 800 கிராம். மழையில் நனைந்த புல்லானால் அதற்கும் கீழே. அது முற்றிய தண்டாகவும் இருந்தது, அதில் சத்தும் குறைவு.

நான் போனபோது ஆடு நின்றுகொண்டுதான் இருந்தது. காய்ச்சல் இல்லை. பல்லை நறநறவென்று கடித்தது. புழுக்கை சிறுத்து, கெட்டியாகி, சளி பூசினாற்போல் இருந்தது. கண்ணுக்கு நேரே கையை வேகமாகக் கொண்டுபோனால் இமைக்கவில்லை. மூச்சில் அழுகிய பழத்தின் இனிப்பு வாடை. இந்த வாடை எல்லோருடைய மூக்குக்கும் தெரிவதில்லை, அதனால் வாடை இல்லையே என்று நோயை ஒதுக்கிவிட முடியாது. உறுதி செய்தது சிறுநீர்தான். மருந்துக்கடையில் சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, டப்பியில் போட்டிருக்கும் நொடிக்கணக்குப்படி பார்த்தால் நிறம் மாறும். இளஞ்சிவப்பு லேசாகத் தெரிந்தால் தொடக்கம், கரும் ஊதா என்றால் முற்றிவிட்டது. இது கரும் ஊதா.

சிறுநீர் பிடிப்பது கஷ்டமில்லை. வெள்ளாடு படுத்துக் கிடந்து எழுந்ததும் சிறுநீர் விடும், காலையில் எழுப்பும்போது ஒரு கிண்ணத்தோடு பின்னால் நின்றால் போதும். செம்மறிக்கு மூக்கைச் சில நொடிகள் பொத்திப் பிடித்தால் விட்டுவிடும். இதை முக்கால் நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது. ஏற்கெனவே தளர்ந்துபோன ஆட்டிடம் செய்யவே வேண்டாம்.

அந்த ஆட்டுக்கு நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசல், தோலுக்கடியில் கால்சியம், வாய்வழியாகப் புரோப்பிலீன் கிளைக்கால் வேளைக்கு 60 மில்லி வீதம் தினம் இரு வேளை, மூன்று நாள். கால்சியம் ஏன் என்றால், கால்சியக் குறைவும் இதே காலத்தில் ஆட்டைப் படுக்க வைக்கும், பல நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். கால்சியக் குறைவு மட்டும் என்றால் ஊசி போட்டுச் சிறிது நேரத்திலேயே ஆடு எழுந்துவிடும். இங்கே அப்படித் தெளியவில்லை. மறுநாள் மாலை அகத்திக்கீரையை முகர்ந்து நாலு இலை கடித்தது.

டெக்ஸ்ட்ரோஸ் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். உறிஞ்சிக்கொண்டிருப்பது குட்டிகள், அவை வெளியே வந்தால்தான் தாய்க்கு முழு விடுதலை. ஆனால் 135-ஆம் நாளில் எடுத்தால் குட்டி பிழைப்பது சிரமம். ஆடு நின்று, குடித்து, கொஞ்சம் தின்றதால் காத்திருந்தோம். 141-ஆம் நாள் ஈற்றைத் தூண்டும் ஊசி போட்டேன். அடுத்த நாள் இரவு மூன்று குட்டி ஈன்றது, ஒன்று இறந்தே வந்தது. படுத்துவிட்ட ஆடு என்றால் இந்தக் காத்திருப்புக்கே வழியில்லை. தாயா குட்டியா என்று உரிமையாளர் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் இரண்டும் தங்காது. இந்த ஊசியும் வெள்ளாட்டுக்கு ஒன்று, செம்மறிக்கு வேறொன்று. வெள்ளாட்டுக்குப் போடும் மருந்து அந்தக் கட்டத்தில் செம்மறியில் வேலை செய்யாது, அதனால் பக்கத்து வீட்டு மருந்தை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

நிறையப் பேர் கேட்பது: "வெல்லத் தண்ணி ஊத்தலாமுங்களா?" மனிதர்களுக்கு உடனே தெம்பு வருவதுபோல் ஆட்டுக்கு வராது. வெல்லம் அசையூண் வயிற்றில் விழுந்ததும் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைத்துவிடும், சர்க்கரையாக ரத்தத்துக்குப் போகாது. அதிகம் ஊற்றினால் வயிறு புளித்து இன்னொரு நோய் சேரும். புரோப்பிலீன் கிளைக்காலில் பெரும்பகுதி அங்கே சிதையாமல் உறிஞ்சப்பட்டு ஈரலில் குளுக்கோஸாக மாறுவதால்தான் அதைக் கொடுக்கிறோம். எதை ஊற்றினாலும், தலை தொங்கி விழுங்கத் தெம்பில்லாத ஆட்டுக்கு வாயில் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

ஒரு ஆடு விழுந்தால் நான் மற்ற சினை ஆடுகளையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தப் பண்ணையில் கடைசி மாதத்தில் இருந்த வேறு சில ஆடுகளின் பட்டையிலும் இளஞ்சிவப்பு தெரிந்தது. அவை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அவற்றுக்குத் தீவனத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

மாற்றியது இதுதான். நேப்பியரை 2.5 கிலோவாகக் குறைத்து, இளம்புல்லாக, மழைநாளில் வாட வைத்துக் கொடுக்கச் சொன்னேன். கூடவே வேலிமசால், அகத்தி, சூபாபுல் எது கிடைக்கிறதோ கலந்து ஒன்றரைக் கிலோ, காய்ந்த கடலைக்கொடி கால் கிலோ, கலப்புத் தீவனம் 350 கிராம். இந்த நான்கும் சேர்ந்தால் அந்த 1.4 கிலோ உலர் தீனி வந்துவிடும், வயிற்றிலும் அடங்கும். கலப்புத் தீவனம் நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 20, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. வெறும் மக்காச்சோள மாவாகக் கொட்டுவதை நான் ஏற்பதில்லை. தினம் நூறு கிராமில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஐம்பது கிராம் ஏற்றி, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு புளித்து ஆடு தீனியை விடும், நாம் தடுக்க நினைத்த நோயை நாமே அழைத்த மாதிரி ஆகும். ஈனுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கினால் இந்த ஏற்றத்துக்கு நிதானமாக நேரம் கிடைக்கும். அதற்குத்தான் கிடா சேர்ந்த தேதி வேண்டும்.

குட்டி பெருத்து ஈற்றில் சிக்கும் என்ற பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை, ஒற்றைக் குட்டி சுமக்கும் கொழுத்த ஆட்டில் நடக்கும். ஆனால் அதற்கு மருந்து கடைசி மாதத்தில் பட்டினி போடுவது அல்ல. கொழுப்பைக் குறைக்க நினைத்தால் சினையின் முன்பாதியில் செய்ய வேண்டும். மூன்றாம் மாதம் முடிவதற்குள் இடுப்புக்கு மேல் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். முனைகள் கூர்மையாகக் குத்தினால் மெலிவு, அழுத்தினாலும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு, லேசாக அழுத்தினால் வட்டமாகத் தெரிந்தால் சரி. கடைசி ஆறு வாரத்தில் ஆடு எவ்வளவு கொழுத்திருந்தாலும் தீவனத்தைக் குறைக்காதீர்கள்.

தீனி போட்டால் மட்டும் போதாது, எல்லா ஆட்டின் வாய்க்கும் போக வேண்டும். தொட்டியில் ஒரு ஆட்டுக்கு ஒன்றரை அடியாவது இடம் இல்லையென்றால் சாதுவான ஆடும் நொண்டும் ஆடும் பின்னால் நிற்கும். தீனி போட்டதும் ஓடி வராத ஆடு எது என்று தினமும் பார்ப்பவர் இந்த நோயை இரண்டு நாள் முன்னதாகவே பிடித்துவிடுவார்.

மேய்ச்சல் செம்மறியில் கதை கொஞ்சம் வேறு. காங்கேயம் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மேயும் மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும், நடக்கவும் செய்யும். அங்கே வருவது மெலிந்த ஆட்டில், பங்குனி சித்திரையில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து தீர்ந்தபின், வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழுவும் சேர்ந்துகொண்டால். கடைசி ஆறு வாரம் மாலையில் பட்டிக்கு வந்ததும் 200 கிராம் கலப்புத் தீவனமும் கொஞ்சம் வெள்வேலங்காயும் கிடைத்தால் பெரும்பாலும் தாங்கிவிடும். இரட்டைக் குட்டிக்கான மரபணு உள்ள நாரி சுவர்ணா போன்ற செம்மறிகளை வாங்குபவர்கள் மட்டும் மேச்சேரிக் கணக்கில் தீனி போடாமல், மேலே சொன்ன வெள்ளாட்டுக் கணக்குக்கு மாற வேண்டும். இரண்டு வகையிலும், கடைசி மாதத்தில் வண்டியேற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவதையும், தடுப்பூசிக்காக நாள் முழுக்க அடைத்து வைப்பதையும் தவிருங்கள். தடுப்பூசி போட்டே ஆக வேண்டுமென்றால் தீனி வைத்த பிறகு பிடித்துப் போட்டு, உடனே தொட்டிக்கு விட்டுவிடுங்கள்.